உருளைக்குள் இருந்த கனசதுரம்

மாலை நேரத்தில் என் வீட்டுத் திண்ணைக்குக் கணக்குப் படிக்க ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களில் பிளஸ் டூ படிக்கும் ஒருத்தி கேட்ட கேள்வி என்னை மூன்று மாதம் தூங்கவிடவில்லை. கணக்கு ஒன்றும் புதிதல்ல. ஆரம் R கொண்ட கோளத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய உருளையின் உயரம் 2R/√3 என்று நிறுவ வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் எடுத்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது போட்டிருப்பார்கள். நான் இருபது வருடமாகப் போட்டு வருகிறேன். அன்றும் கரும்பலகையில் ஆறு வரியில் முடித்துவிட்டுக் கையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினேன். மற்றவர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "சார், விடை சரி. ஆனால் இந்த √3 எங்கிருந்து வந்தது?" என்றாள்.

"R² − 3x² என்று வகையிட்டோமே, அங்கிருந்து வந்ததும்மா" என்றேன்.

"அது கணக்கில் வந்த இடம் சார். பொருளில் அது எங்கே இருக்கிறது? கோளத்தில் மூன்று என்று எதுவும் இல்லை. உருளையிலும் இல்லை."

எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த கணக்குக்குப் போய்விட்டேன். ஆனால் அன்று இரவு கையெழுத்துப் போடாத கடிதம் போல அந்தக் கேள்வி மேசைமேல் கிடந்தது. கோளம் முழுக்க வளைவு. அதைப் பார்த்தால் π நினைவுக்கு வரலாம். உருளையைப் பார்த்தாலும் அப்படித்தான். இரண்டையும் பொருத்தினால் மூன்றின் வர்க்கமூலம் ஏன் எட்டிப் பார்க்கிறது? இத்தனை வருடம் அதை எழுதிய நான் ஒருநாளும் அதை ஒரு கேள்வியாகப் பார்க்கவில்லை என்பது என்னை மிகவும் உறுத்தியது.

ஆறு வரி

அந்த ஆறு வரியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. கோளத்தின் மையத்திலிருந்து உருளையின் மேல்முகம் x தூரத்தில் இருக்கட்டும். அப்படியானால் உருளையின் முழு உயரம் 2x. மேல்முகத்தின் விளிம்பு கோளத்தைத் தொடுகிறது. மையம், மேல்முகத்தின் நடுப்புள்ளி, விளிம்பில் ஒரு புள்ளி, இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு செங்கோண முக்கோணம். பித்தாகரஸ் தேற்றப்படி r² + x² = R². கன அளவு V = πr² × 2x. இதில் r²-க்குப் பதிலாக R² − x² போட்டால் V = 2π(R²x − x³). வகையிட்டுப் பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தினால் R² − 3x² = 0. ஆகவே x = R/√3, உயரம் 2R/√3. இரண்டாம் வகைக்கெழு −12πx, அது குறை எண், ஆகவே இது பெருமம்தான்.

இதில் பிள்ளைகள் தவறும் இடங்கள் பெரும்பாலும் இரண்டு. முழு உயரத்தையே h என்று வைத்துக்கொண்டு r² + h² = R² என்று எழுதிவிடுவார்கள். பித்தாகரஸ் முக்கோணத்துக்குள் வருவது பாதி உயரம்தான் என்பது படம் போடாதவர்களுக்குப் பிடிபடாது. இன்னொன்று, r-ஐ மாறியாக எடுத்துக்கொள்வது. அப்போது உயரம் வர்க்கமூலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், வகையிடுவது சிக்கலாகும். விடை அதே விடைதான், ஆனால் பாதி வழியில் கையை விட்டுவிடுவார்கள். எதை மாறியாக எடுத்தால் வர்க்கமூலம் வராது என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

ஆனால் இவள் தவறியது இந்த இரண்டு இடத்திலும் இல்லை. கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே நான் வழக்கம்போல, "உங்கள் மனதுக்கு என்ன தோன்றுகிறது, உருளை எப்படி இருக்கும்?" என்று கேட்டிருந்தேன். உயரமும் விட்டமும் சமமாக இருக்கும் என்று அவள் சொன்னாள். வட்டத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய செவ்வகம் சதுரம். கோளத்தை நட்டநடுவே வெட்டினால் வட்டம், உருளையை அப்படி வெட்டினால் செவ்வகம். ஆகவே சதுரமாக வெட்டுப்படும் உருளைதான் பெரியது என்பது அவள் வாதம். கேட்பதற்கு அவ்வளவு சரியாக இருக்கிறது. கணக்கு அதை மறுக்கிறது. 12 சென்டிமீட்டர் விட்டமுள்ள கோளத்தில் அவள் சொன்ன உருளைக்கு உயரமும் விட்டமும் சுமார் 8.49 செ.மீ, கன அளவு சுமார் 480 கன சென்டிமீட்டர். வகையிட்டு வந்த உருளைக்கு உயரம் 6.93, விட்டம் 9.80, கன அளவு 522. எட்டு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம். வெட்டுமுகத்தின் பரப்பு பெரிதாக இருந்தால் உருளையின் வளைபரப்பு பெரிதாகும், அதற்கு அவள் சொன்ன சதுரம்தான் சரி. ஆனால் கன அளவில் ஆரம் இரண்டு முறை பெருக்கப்படுகிறது, உயரம் ஒரு முறைதான். அதனால் உருளை கொஞ்சம் குட்டையாகி அகலமாவதில்தான் லாபம்.

"எவ்வளவு குட்டை?" என்பதற்குத்தான் √3 பதில் சொல்கிறது. ஏன் அது என்பதற்கு ஆறு வரியில் இடமில்லை.

களிமண்ணும் நூலும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை பானை செய்பவரிடம் களிமண் வாங்கி வந்தேன். பிசைந்து உருட்டி, 12 செ.மீ விட்டத்துக்கு ஓர் உருண்டை பிடித்தேன். கையால் பிடிக்கும் உருண்டை அவ்வளவு சுத்தமாக வராது. ஆனாலும் நான்கு பக்கமும் அளந்து அளந்து தட்டினால் ஓரளவுக்கு வந்துவிடும். அதை அரைநாள் நிழலில் காயவிட்டேன். ஈரம் அதிகமிருந்தால் வெட்டும்போது சப்பையாகிவிடும், முழுக்கக் காய்ந்தால் உதிரும். பிறகு தையல் நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்து மேலிருந்து இரண்டரை செ.மீ கீழே கிடையாக ஒரு வெட்டு, கீழிருந்து இரண்டரை செ.மீ மேலே இன்னொரு வெட்டு. நடுவில் நின்றது இருபுறமும் தட்டையான, வயிறு புடைத்த ஒரு துண்டு. மேல்வட்டத்தின் விளிம்பைப் பிடித்துக் கத்தியால் நேராகக் கீழே செதுக்கினேன். புடைப்பு போனது, உருளை நின்றது. உயரம் ஏழு செ.மீக்குச் சற்றுக் குறைவு, விட்டம் பத்துக்குச் சற்றுக் குறைவு.

திண்ணையில் அதை வைத்துக்கொண்டு பிள்ளைகள் வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றைத் தேடித்தான் வெட்டினேன். ஆனால் கையில் இருக்கும் உருளையில் எனக்கு முதலில் தெரிந்தது மூன்று அல்ல. விட்டத்தை உயரத்தால் வகுத்துப் பார்த்தேன்: 9.80-ஐ 6.93-ஆல் வகுத்தால் 1.414. அதாவது √2. தாளிலும் இது இருந்திருக்கிறது: உயரம் 2R/√3, விட்டம் 2R√2/√3. வகுத்தால் √3 அடிபட்டுப் போய்விடும், √2 மட்டும் மிஞ்சும். √3 என்னைத் திகைக்க வைத்ததே தவிர √2 திகைக்க வைக்கவில்லை. அது எனக்குப் பழக்கப்பட்ட எண். சதுரத்தின் மூலைவிட்டம் அதன் பக்கத்தைப் போல √2 மடங்கு. அப்படியானால் இந்த மேல்வட்டத்துக்குள் ஒரு சதுரம் வரைந்தால், வட்டத்தின் விட்டம் அந்தச் சதுரத்தின் மூலைவிட்டமாகும், சதுரத்தின் பக்கம்...

அந்த இடத்தில் நான் எழுந்து கத்தியை எடுத்துவிட்டேன். மேல்வட்டத்தில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு விட்டங்கள் கீறி, அவற்றின் நான்கு முனைகளையும் இணைத்துச் சதுரம் வரைந்தேன். அதன் நான்கு பக்கத்தோடும் நேராகக் கீழே வெட்டினேன். நான்கு பிறைத்துண்டுகள் பக்கத்துக்கு ஒன்றாகச் சாய்ந்து விழுந்தன. நடுவில் நின்ற துண்டை எடுத்து எல்லாப் பக்கமும் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நீளம் ஏழுக்குச் சற்றுக் குறைவு. அகலமும் அப்படியே. உயரமும் அப்படியே. எப்படித் திருப்பி வைத்தாலும் ஒரே மாதிரி நின்றது. அது கனசதுரம்.

கோளத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய உருளை என்பது, கோளத்துக்குள் பொருந்தும் கனசதுரத்தைச் சுற்றி இழுத்துப் போர்த்திய வட்டமான சட்டை. கனசதுரத்தின் எட்டு மூலைகளும் உருளையின் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் இருக்கின்றன, அதே எட்டு மூலைகளும் கோளத்தின் மேலும் இருக்கின்றன. கனசதுரத்தின் எதிரெதிர் மூலைகளை உள்ளூடாக இணைக்கும் மூலைவிட்டம் கோளத்தின் விட்டமேதான். பக்கம் c என்றால் c² + c² + c² = (2R)². ஆகவே c = 2R/√3. நீளம், அகலம், உயரம் என்று மூன்று திசைகள் இருக்கின்றன, மூன்றும் சமம். அவள் கேட்ட மூன்று அதுதான். அது கோளத்திலும் இல்லை, உருளையிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாமல் நின்ற கனசதுரத்தில் இருந்தது.

பிள்ளைகள் வந்ததும் வெட்டிய துண்டுகளை மறுபடி ஒட்டிக் காட்டினேன். அவள் பிறைத்துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுதான் பெரியது என்று இன்னும் தெரியவில்லையே சார்" என்றாள். சரியான கேள்வி. கனசதுரம் இருப்பது வேறு, கனசதுரம் இருப்பதால்தான் உருளை பெரிதாக இருக்கிறது என்பது வேறு. வகையிட்டு வந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்குள் கனசதுரத்தைக் கண்டேன். வகையிடாமலே அங்கே போய்ச் சேர முடியுமா?

முடியும். முதல் படி எளிது. கோளத்துக்குள் எந்த உருளையை எடுத்தாலும் இதே போல நான்கு பக்கம் வெட்டினால் சதுர அடியுள்ள ஒரு பெட்டி கிடைக்கும். வட்டத்தின் பரப்பு πr², அதற்குள் வரையும் சதுரத்தின் பரப்பு 2r². உயரம் மாறுவதில்லை. ஆகவே உருளை எதுவானாலும், அதன் கன அளவு பெட்டியின் கன அளவைப் போல π/2 மடங்கு. இந்த விகிதம் குட்டை உருளைக்கும் நெட்டை உருளைக்கும் ஒன்றே. எனவே மிகப் பெரிய உருளையைத் தேடுவதும், மிகப் பெரிய சதுர அடிப் பெட்டியைத் தேடுவதும் ஒரே தேடல். வட்டம் இங்கேயே கணக்கைவிட்டுப் போய்விடுகிறது. அவள் முதலில் சொன்ன சதுர வெட்டுமுக உருளை ஏன் தோற்றது என்பதும் இங்கே விளங்கும். அதைச் செதுக்கினால் அடி 6க்கு 6, உயரம் 8.49 உள்ள பெட்டி வரும். நட்டுவைத்த நெட்டைப் பெட்டி; கனசதுரம் இல்லை.

இரண்டாம் படியில் அவளுடைய வட்டமும் செவ்வகமும் திரும்பி வருகின்றன. பெட்டி கனசதுரமாக இல்லை என்றால் அடியின் பக்கம் a-வும் உயரம் h-உம் வேறு வேறு. பெட்டியின் ஒரு பக்கச் சுவரைப் பார்த்தால் அது a, h என்ற பக்கங்களுள்ள செவ்வகம். அந்தச் சுவரின் மூலைவிட்டத்தை மாற்றாமல் செவ்வகத்தை மட்டும் சதுரமாக்கினால் பரப்பு கூடும். மூலைவிட்டத்தை விட்டமாகக் கொண்டு ஒரு அரைவட்டம் வரையுங்கள். செவ்வகத்தின் பாதியான செங்கோண முக்கோணத்தின் உச்சி அந்த அரைவட்டத்தின் மேல்தான் இருக்கும். அடிப்பக்கம் மாறவில்லை, ஆகவே உச்சி எவ்வளவு உயரமோ அவ்வளவு பரப்பு. உச்சி நடுவுக்கு வர வர உயரும். மூன்றாவது பக்கத்தைத் தொடவில்லை, சுவரின் மூலைவிட்டமும் மாறவில்லை, ஆகவே பெட்டியின் உள் மூலைவிட்டமும் மாறவில்லை; பெட்டி கோளத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் பெரிதாகிவிட்டது. கனசதுரம் அல்லாத எந்தப் பெட்டியையும் இப்படிப் பெரிதாக்க முடியும் என்றால், மிகப் பெரியது கனசதுரம்தான். நான் மகிழ்ச்சியோடு கரும்பலகையில் அடிக்கோடு இட்டேன்.

ஒரு பெரியவர் காட்டிய ஓட்டை

எனக்கு முன்பு கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் போய் இதைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஒரு தாளை எடுத்து, "இயல் எண்களில் மிகப் பெரியது 1 என்று நான் நிறுவட்டுமா?" என்றார். 1 அல்லாத எந்த இயல் எண்ணை எடுத்தாலும் அதன் வர்க்கம் அதைவிடப் பெரியது. ஆகவே 1 அல்லாத எதுவும் மிகப் பெரியதாக இருக்க முடியாது. ஆகவே 1-தான் மிகப் பெரியது. "உன் நிறுவலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் தம்பி?"

வித்தியாசம் எதுவும் இல்லை. கனசதுரம் அல்லாதது மிகப் பெரியதல்ல என்று மட்டும்தான் நான் காட்டியிருந்தேன். மிகப் பெரியது என்று ஒன்று இருந்தால் அது கனசதுரம். அப்படி ஒன்று இருக்கிறதா என்பதை நான் சொல்லவேயில்லை. இந்த ஓட்டையில் பெரியவர்களும் விழுந்திருக்கிறார்கள் என்றார் அவர். 19ஆம் நூற்றாண்டில் யாக்கோப் ஸ்டெய்னர், ஒரே சுற்றளவுள்ள உருவங்களில் வட்டத்துக்குத்தான் பரப்பு அதிகம் என்பதை வடிவியலால் அழகாகக் காட்டினார். வட்டம் அல்லாத எதையும் பெரிதாக்கலாம் என்பதே அவர் வாதம். பெருமம் ஒன்று இருக்கிறது என்பதை அவர் நிறுவாமல் எடுத்துக்கொண்டார் என்று மற்றவர்கள் பிறகு சுட்டிக்காட்டினார்கள்.

ஒரு வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செய்த மாற்றத்தில் என்ன குறை என்று பார்த்தால், ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கங்களைச் சமமாக்கும்போது மூன்றாவது வேறாகிவிடுகிறது. பிறகு அந்த மூன்றாவதை இன்னொன்றோடு சமமாக்க வேண்டும், மறுபடி ஒன்று விலகும். கனசதுரத்தை நெருங்கிக்கொண்டே போகலாம், போய்ச் சேரவே முடியாது. அப்படியானால் சமமாக்குவதுதான் தவறு. போய்ச் சேர வேண்டிய பக்கம் c எவ்வளவு என்று நமக்கு முன்பே தெரியும். c² என்பது மூன்று பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையில் மூன்றில் ஒன்று. சமமாக்குவதற்குப் பதில், ஒரு பக்கத்தை நேராக c-க்கே கொண்டுவந்தால் என்ன?

அவளுடைய நெட்டைப் பெட்டியை வைத்தே செய்து பார்த்தேன். பக்கங்களின் வர்க்கங்கள் 36, 36, 72. கூட்டினால் 144, அதாவது கோள விட்டம் 12-இன் வர்க்கம். கனசதுரத்தின் ஒவ்வொரு பக்க வர்க்கமும் 48 ஆக வேண்டும். 36-உம் 72-உம் உள்ள சுவரை எடுத்துக்கொள்வோம். மூலைவிட்டத்தின் வர்க்கம் 108. இதில் ஒன்றை 48 ஆக்கினால் மற்றது 60 ஆகும். 48-உம் 60-உம் 36-க்கும் 72-க்கும் நடுவில் இருக்கின்றன, அதாவது முக்கோணத்தின் உச்சி அரைவட்டத்தின் நடுவை நோக்கி நகர்ந்திருக்கிறது, பரப்பு கூடியிருக்கிறது. இப்போது பெட்டி 36, 48, 60. சதுர அடி போய்விட்டது, பரவாயில்லை, பெட்டி கோளத்துக்குள் இருந்தால் போதும். மீதி இருக்கும் 36-உம் 60-உம் கூட்டினால் 96. அது 48-இன் இரு மடங்கு. ஆகவே இந்த இரண்டையும் சமமாக்கினால் இரண்டுமே 48 ஆகிவிடும், உச்சி நட்டநடுவுக்கு வந்துவிடும், பரப்பு மறுபடி கூடும். பெட்டி 48, 48, 48. முடிந்தது. கன அளவு முதலில் 305.5, பிறகு 322, கடைசியில் 332.6. இரண்டே அடியில் கனசதுரத்துக்கு வந்துவிட்டோம், இரண்டு அடியிலும் ஏறித்தான் வந்தோம்.

இது இந்த எண்களுக்கு மட்டும் நடப்பதல்ல. மூன்று வர்க்கங்களும் சமமில்லை என்றால், ஒன்றாவது சராசரிக்கு மேலே இருக்கும், ஒன்றாவது கீழே இருக்கும். அந்த இரண்டையும் எடுத்து ஒன்றைச் சராசரியாக்கினால் மற்றதும் அவற்றுக்கு நடுவிலேயே விழும். மிச்சமிருக்கும் இரண்டும் சராசரியைப் போல இரு மடங்காகக் கூடும். எந்தப் பெட்டியிலிருந்து தொடங்கினாலும் அதிகபட்சம் இரண்டு அடி. "மிகப் பெரியது என்று ஒன்று இருந்தால்" என்ற வார்த்தைக்கே இங்கு வேலை இல்லை. எந்தப் பெட்டியானாலும் அது கனசதுரத்தைவிடச் சிறியது என்று நேராகக் காட்டியாகிவிட்டது. தாளை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் ஓடினேன். படித்துவிட்டு ஓரத்தில் ஒரு சரிக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

கெப்லரின் பீப்பாய்

இவ்வளவும் ஆனபிறகு தெரிந்துகொண்டேன், இந்தப் பாதையில் எனக்கு முன்பு நடந்தவர் யோஹன்னஸ் கெப்லர். கோள்களின் பாதை நீள்வட்டம் என்று சொன்ன அதே கெப்லர்தான். 1613-இல் அவர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் இருந்தார், இரண்டாம் திருமணம் செய்துகொண்டார். வீட்டுக்குத் திராட்சை மது பீப்பாய்கள் வாங்கினார். விற்பவர் ஒரு கோலைக் கொண்டுவந்தார். பீப்பாயின் வயிற்றில் நட்டநடுவே இருக்கும் துளை வழியாக அதைச் சாய்வாக விட்டு, அடித்தட்டின் எதிர்விளிம்பில் முட்டும்வரை தள்ளினார். கோல் எவ்வளவு நனைந்ததோ அதுதான் அளவு, அதுதான் விலை. பீப்பாய் ஒல்லியா குண்டா என்று பார்க்கவில்லை. இது எப்படி நியாயமாகும் என்று கெப்லர் கேட்டார். அந்தக் கேள்வி 1615-இல் லின்ஸில் அச்சான ஒரு முழு நூலாகவே ஆனது; மதுப் பீப்பாய்களின் கன அளவைப் பற்றிய நூல் அது. நியூட்டனும் லைப்னிட்சும் அப்போது பிறக்கவே இல்லை.

பீப்பாயை உருளை என்று எடுத்துக்கொண்டு நடுவில் வெட்டினால், கோல் அந்தப் பாதி உருளையின் ஒரு முகத்தின் விளிம்பிலிருந்து மறுமுகத்தின் எதிர்விளிம்புக்குப் போகிறது. அதாவது கோல்தான் அந்தப் பாதி உருளையின் மூலைவிட்டம். கோலை விட்டமாகக் கொண்டு ஒரு கோளம் நினைத்துப் பார்த்தால், உருளை அதற்குள் அடங்கி நிற்கிறது. நம்முடைய கணக்கேதான். கோளத்துக்குள் அடங்கும் சதுர அடிப் பெட்டிகளில் கனசதுரமே பெரியது என்று கெப்லர் முதலில் காட்டினார், அதிலிருந்து உருளைக்கு வந்தார். களிமண்ணை வெட்டி நான் போன வழி.

ஆனால் இந்தக் கதையில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. மூலைவிட்டம் 20 என்று வைத்துக்கொண்டு உயரத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். π-யையும் நான்கில் ஒன்றையும் விட்டுவிட்டால், உருளையின் கன அளவு h(400 − h²). உயரம் 11 என்றால் 3069. 12 என்றால் 3072. 13 என்றால் 3003. உச்சம் 11.547-இல் இருக்கிறது, அங்கே 3079. அந்தக் காலத்து ஆஸ்திரியப் பீப்பாய்க்காரர்களிடம் ஒரு விதி இருந்தது: பலகையின் நீளம் அடித்தட்டின் ஆரத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். ஆரம் 8 என்றால் நீளம் 24, பாதி நீளம் 12, அடித்தட்டின் விட்டம் 16. கோல் போகும் சாய்வு 12-க்கும் 16-க்கும் கர்ணமான 20. மூன்று-நான்கு-ஐந்து முக்கோணம். அவர்கள் செய்த பீப்பாயின் பாதி 3072 கொள்ளும். கொள்ளக்கூடிய அதிகபட்சம் 3079. நானூறில் ஒரு பங்குகூட இழப்பில்லை. அதோடு, தச்சர் ஒரு விரல் கூட்டியோ குறைத்தோ செய்துவிட்டாலும் கோலின் அளவு ஏமாற்றாது. உச்சத்தின் அருகில் இரு பக்கமும் குறைவு முதலில் தென்படாத அளவுக்கே இருக்கும் என்று கெப்லர் எழுதிவைத்தார்.

இந்த வாக்கியத்தைப் படித்தபோது என் மனதில் நுண்கணிதம் மறுபடி உயர்ந்துவிட்டது. உச்சத்தில் வகைக்கெழு பூஜ்ஜியம் என்று நாம் எழுதும் வரி, கெப்லர் சொன்ன அந்தத் தட்டையான இடம்தான். என் வடிவியல் நிறுவல் இதைச் சொல்லாது. எந்த உருளையும் அதைவிடச் சிறியது என்று சொல்லும், ஆனால் கொஞ்சம் தவறினால் எவ்வளவு குறையும் என்பதில் அதற்கு அக்கறை இல்லை. ஆறு வரிக்கு அது தெரியும். ஆறு வரிக்குத் தெரியாதது, √3 யாருடையது என்பது. இந்த இரண்டில் ஒன்றைத் தேர்வுக்கு எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்கு ஆறு வரியைத்தான் சொல்லிக்கொடுப்பேன். கோளத்துக்குப் பதில் நீள்வட்டத் திண்மம் வந்தாலும், உருளையின் மொத்தப் பரப்பைக் கேட்டாலும் அது அசராமல் வேலை செய்யும், கனசதுரம் எல்லா இடத்துக்கும் வராது. ஆனால் விடை வந்தபிறகு அந்த எண்ணைக் கையில் எடுத்து, இது எதனுடைய நீளம் என்று ஒருமுறை கேட்காமல் பலகையை இனி அழிப்பதில்லை.

போன வாரம் அடுத்த கணக்கு: கோளத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய கூம்பு. வகையிட்டார்கள், உயரம் 4R/3 என்று வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் மட்டும் நோட்டின் பின்பக்கத்தில் ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "சார், கூம்பின் அடிவட்டத்துக்குள் சதுரம் வேண்டாம், சமபக்க முக்கோணம் போட்டால்?" என்றாள். களிமண் உருண்டை திண்ணையின் மூலையில் ஈரத்துணி சுற்றி இருந்தது. அவளே கூம்பு செதுக்கினாள். அடியில் முக்கோணம் கீறி, மூன்று பக்கமும் உச்சியை நோக்கி வெட்டினாள். வந்த துண்டின் ஆறு விளிம்புகளையும் அளவுகோலால் ஒவ்வொன்றாக அளந்தாள். ஆறும் ஒரே நீளம். சீரான நான்முகி.

"இதற்கும் இரண்டே அடியில் நிறுவல் இருக்குமா சார்?" என்றாள். தாளை எடுத்துக்கொண்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.